கரையான் மருந்து: "சதுர அடிக்கு 6 ரூபாய், 10 வருட வாரண்டி". இந்தக் கொட்டேஷனை எப்படிப் படிப்பது?

மாந்தோப்பு வீடு

காவேரிப்பட்டணம் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். 30க்கு 36, தரைத்தளம் மட்டும். பில்லர் போட்டு, இடையில் கருங்கல் கட்டு எழுப்பி, அதன் மேல் பிளிந்த் பீம் ஓட்டியாகிவிட்டது. பேஸ்மட்டம் தரையிலிருந்து 3 அடி. உள்ளே கிராவல் ரெண்டரை அடி வரை நிரம்பிவிட்டது. மீதியை அடுத்த வாரம் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, அப்புறம் பி.சி.சி. என்கிற கம்பியில்லாத தரைக் கான்கிரீட் போடப் போகிறோம்.

அந்த இடம் முன்பு மாந்தோப்பு. மரம் வெட்டி வேர் எடுத்தபோதே கரையான் கூட்டம் கூட்டமாக இருந்தது. அதனால் மருந்து அடித்தே தீர வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். ஒரு கம்பெனியிடம் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வந்தது இவ்வளவுதான்: "ஆன்டி டெர்மைட் ட்ரீட்மென்ட், 1,080 சதுர அடி, சதுர அடிக்கு 6 ரூபாய், 10 வருட வாரண்டி." என்ன மருந்து என்று போனில் கேட்டால் "நல்ல கம்பெனி மருந்து சார்" என்கிறார். ஒரு ஆள், ஒரு 200 லிட்டர் டிரம், அரை நாளில் வேலை முடிந்துவிடுமாம்.

இது போதுமா? போதாது என்றால் கொட்டேஷனில் என்னவெல்லாம் எழுதித் தரச் சொல்ல வேண்டும்?

ஊத்தங்கரை உழவன்

தம்பி, இதுக்கு எதுக்கு கம்பெனி? குளோர்பைரிபாஸ் 20 இ.சி. உரக்கடையிலேயே கிடைக்குது. கரையான் மருந்து என்று அவர்கள் கொண்டு வருவதிலும் பாதி அதே சரக்குதான். எங்கள் நிலக்கடலையிலும் மாமரத்திலும் வருஷா வருஷம் அதைத்தான் ஊற்றுகிறோம். லிட்டர் தண்ணிக்கு ரெண்டரை மில்லி. ரெண்டு பாட்டில் வாங்கி, ஸ்பிரேயரில் கலந்து கிராவல் மேல் அடித்துவிடு. 6,500 ரூபாயை மிச்சம் பிடி.

கடைக்கால் சிவா

உழவன் அண்ணா, மருந்து அதேதான் என்பது சரி. அளவுதான் இடிக்குது. 20 இ.சி. என்றால் பாட்டிலில் மருந்து 20 சதவீதம்தான். வயலுக்கு லிட்டருக்கு 2.5 மில்லி என்றால் கலவையில் மருந்து 0.05 சதவீதம். கட்டடத்துக்கு குளோர்பைரிபாஸ் 1 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது ஒரு லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர், லிட்டர் கலவைக்கு 50 மில்லி. நீங்கள் சொல்வதைப் போல 20 மடங்கு. பயிரில் அந்தப் பருவம் தாண்டினால் போதும், அடுத்த வருஷம் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு அடியில் கான்கிரீட் போட்டு மூடிய பிறகு யார் போய் ஊற்றுவது?

மாந்தோப்பு தம்பிக்கு: மருந்து பெயர் பிறகு. முதலில் எத்தனை லிட்டர் கலவை மண்ணுக்குள் போகிறது என்று பாருங்கள். கொட்டேஷன் போலியா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கட்டடக் கரையான் தடுப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 6313 இரண்டாம் பாகத்தில் அளவு தெளிவாக இருக்கிறது. பேஸ்மட்டத்துக்குள் நிரப்பி இறுக்கிய மண்ணின் மேல்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். சுவரை ஒட்டிய மண்ணுக்கு, மண் தொடுகிற சுவர்ப் பரப்பைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். அடிக் கணக்கில் சொன்னால், தரைக்குச் சதுர அடிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு, சுவர் ஓரத்துக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கிறேன். சுவர்த் தடிமன் போக உள்தரை சுமார் 90 சதுர மீட்டர் வரும். 90ஐ 5ஆல் பெருக்கினால் 450 லிட்டர். வெளிச்சுவரின் உள்முகமும், நடுச்சுவர்களின் இரண்டு பக்கமும் சேர்த்து நீளம் சுமார் 90 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராவல் உயரம் ரெண்டரை அடி, அதாவது முக்கால் மீட்டர். பரப்பு 67.5 சதுர மீட்டர், அதற்கு 7.5 வீதம் 506 லிட்டர். வேலையெல்லாம் முடிந்து வெளியே மண் சமன் செய்த பிறகு, வீட்டைச் சுற்றி 40 மீட்டருக்கு ஒரு அடி ஆழம் குத்தி ஊற்றுவதற்கு மீட்டருக்கு 2.25 லிட்டர் வீதம் 90 லிட்டர். கூட்டினால் 1,050 லிட்டர் பக்கம். தரைமட்டத்துக்குக் கீழே உள்ள பகுதியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அவர் கொண்டு வருவது 200 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதைத் தரை முழுக்கத் தெளித்தால் மேல் மண் நனையும், அவ்வளவுதான்.

மாந்தோப்பு வீடு

சிவா அண்ணா, ரொம்ப நன்றி. அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன், ஆயிரம் லிட்டரா என்று அசந்துவிட்டார். "தரைமட்டத்துக்குக் கீழே" என்றீர்களே, அங்கே மருந்து அடிக்கவில்லை. வானம் தோண்டியபோது யாரும் சொல்லவும் இல்லை. இப்போது அதற்கு என்ன செய்வது?

அரூர் செல்வி

நான் ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீடு கட்டிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பின்வாசல் நிலைக்கால் அடியில் தினமும் மாவு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டுகிறது. பொட்டுப் பொட்டாக ஓட்டை. இந்த மருந்தைச் சுவர் ஓரம் ஊற்றினால் நிற்குமா?

மருந்துக்காரர் பர்கூர்

செல்வி அக்கா, அது கரையான் இல்லைங்க. தூள் கொட்டினால் மரத்தைத் துளைக்கிற வண்டு. மண்ணிலிருந்து ஏறுகிற கரையான் இருக்கிற இடத்தில் தூள் வராது, மண் கோடு வரும். சுவரில் பென்சில் தடிமனுக்கு மண்ணாலே குழாய் மாதிரி ஏறும். நிலைக்காலைத் தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும், உள்ளே மண் அப்பியிருக்கும். உங்களுக்கு மரத்துக்குள்தான் மருந்து ஏற்ற வேண்டும். தரையில் ஊற்றி ஒரு பயனும் இல்லை. தனி இழையாகப் போடுங்கள், சொல்கிறேன்.

மாந்தோப்பு சாருக்கு: நான் இந்த வேலைதான் செய்கிறேன், பர்கூர் பக்கம். சிவா சார் சொன்ன கணக்கு சரி. ஆனால் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். சதுர அடிக்கு 6 ரூபாய் என்று எல்லோரும் பேரம் பேசி இறக்கிவிட்டார்கள். அந்தக் காசுக்கு ஆயிரம் லிட்டர் எப்படி வரும்? கேட்பவர் விலையை மட்டும் கேட்கிறார், கொடுப்பவர் டிரம்மை மட்டும் கொண்டு வருகிறார். லிட்டர் கணக்கில் கேட்டால் லிட்டர் கணக்கில் விலை சொல்வோம்.

கடைக்கால் சிவா

இதை ஒரு மருந்துக்காரரே சொன்னது நல்லதாகப் போயிற்று.

கீழ்ப்பகுதி விஷயம். கட்டு வேலை அஸ்திவாரம் என்றால் வானம் தோண்டியதும் அடித்தரைக்கும், பக்கவாட்டில் 300 மில்லிமீட்டர் உயரம் வரைக்கும், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் அடித்திருக்க வேண்டும். உங்கள் கருங்கல் கட்டுக்கு அது தவறிவிட்டது, இனி திரும்பப் போக முடியாது. பில்லருக்கு அந்தக் கவலை இல்லை. நல்ல கான்கிரீட் ஃபுட்டிங் அடியில் அடிக்கத் தேவை இல்லை என்று ஐ.எஸ். தானே சொல்கிறது. பில்லரையும் பீமையும் தொடுகிற மண்ணுக்குத் தரைமட்டத்திலிருந்து 500 மில்லிமீட்டர் கீழிருந்து தொடங்கினால் போதும்.

ஆகவே இப்போது செய்யக்கூடியது, கருங்கல் கட்டை ஒட்டி உள்ளேயும் வெளியேயும் கம்பியால் குத்தி ஊற்றுவது. 12 மில்லிமீட்டர் கம்பி, அரை அடிக்கு ஒரு குத்து, சுவரை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். கம்பியை இறக்கியதும் சுவருக்கு இணையாக முன்னும் பின்னும் ஆட்டினால் சிறு பிளவு கிடைக்கும், அதில் கலவை இறங்கும். நம் பக்கத்துக் கிராவலில் கல் அதிகம். கம்பி இறங்காத இடத்தில் கடப்பாரை போடச் சொல்லுங்கள். ஆட்கள் அலுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் நின்றால்தான் நடக்கும்.

தரையை விட அந்த ஓரம்தான் எனக்கு முக்கியம். கரையான் நல்ல கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு வராது. பி.சி.சி. காய்ந்து சுருங்கும்போது சுவருக்கும் தரைக்கும் நடுவே முடி அளவு இடைவெளி விழும். அந்த வழியாகத்தான் ஏறும். இல்லையென்றால் டாய்லெட் பைப் தரையைக் கடக்கிற ஓட்டை வழியாக ஏறும். பத்து வீடு பார்த்தால் ஏழெட்டில் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். இது என் அனுபவம், புள்ளிவிவரம் இல்லை.

அதனால் பி.சி.சி. போடும் முன் சுவர் ஓரம் முழுக்க, பில்லரைச் சுற்றியும், 30க்கு 30 மில்லிமீட்டர் சின்ன வாய்க்கால் மாதிரி கீறி, அதிலே அரை அடிக்கு ஒரு குத்து. அந்த 506 லிட்டரும் இந்த வாய்க்கால் வழியாகத்தான் போக வேண்டும். ஓட்ட அடிக்கு ஒன்றே முக்கால் லிட்டர் கிட்ட வரும்.

ஓசூர் ராதிகா

வாரண்டி பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் கதையைச் சொல்கிறேன். ஓசூரில் வீடு. கட்டும்போதே ஒரு கம்பெனி மருந்து அடித்து, 10 வருஷம் என்று அட்டை கொடுத்தது. நாலாவது வருஷம் சமையலறை அலமாரிக்குப் பின்னால் மண் கோடு. கூப்பிட்டோம். வந்து பார்த்தார்கள். "மேடம், நீங்க வெளியே தோட்டத்துக்கு மண்ணு போட்டு பேஸ்மட்டத்தை மூடிட்டீங்க, அதனால வாரண்டி கிடையாது" என்றார்கள். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அது நிஜமாகவே இருந்தது. ரொம்ப சண்டை போட்ட பிறகு மருந்து மட்டும் மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். அலமாரிக்கு எங்கள் காசுதான்.

மண் போட்டது தப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாராவது முன்பே சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டோம்.

கடைக்கால் சிவா

ராதிகா அம்மா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த நிபந்தனைக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. மருந்து போன மண்ணுக்கு மேலே மருந்து இல்லாத மண்ணைக் கொட்டினால் கரையானுக்குப் பாலம் கிடைத்துவிடுகிறது. மருந்து மண்ணைத் தொடாமலே சுவரில் ஏறிவிடும். அதை அட்டையின் பின்னால் ஒளித்து வைக்காமல் வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

வாரண்டி என்று இவர்கள் கொடுப்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் "மறுபடி மருந்து அடித்துத் தருவோம்" என்பது மட்டும்தான். மரம், அலமாரி, மர வாசல் எதற்கும் நஷ்டஈடு கிடையாது. மத்திய பொதுப்பணித் துறை வேலைகளில் ஒப்பந்தக்காரர் 10 வருஷத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுக்க வேண்டும். தனியார் அந்த 10 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அரசு வேலையில் லிட்டர் அளந்து, பாட்டிலை எண்ணிப் பார்க்க ஒரு ஆள் நிற்பார். நம் வீட்டில் யார் நிற்கிறார்கள்?

மருந்துக்காரர் பர்கூர்

சார், நான் 5 வருஷம்தான் எழுதித் தருவேன். 10 எழுதுகிறவர் 10 வருஷம் இந்த ஊரில் இருப்பாரா என்று கேளுங்கள். எத்தனை பேர் போன் நம்பரை மாற்றிவிட்டு பெங்களூரு பக்கம் போய்விட்டார்கள்.

பாலக்கோடு மணி

எங்கள் மேஸ்திரி பழைய இன்ஜின் ஆயிலும் கல் உப்பும் போதும் என்கிறார். அவர் கட்டிய வீட்டில் எல்லாம் அதுதானாம்.

கடைக்கால் சிவா

மணி, மரத்தின் மேல் ஆயில் பூசினால் கொஞ்ச நாள் தாங்கும். மண்ணில் ஊற்றினால் பயன் இல்லை. உப்பைப் பேஸ்மட்டத்தில் கொட்டுவது அதைவிட மோசம். பீமில் இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மேஸ்திரியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், உப்பு மூட்டையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

மாந்தோப்பு வீடு

சரி, இப்போது மருந்துக்கு வருகிறேன். வேறு இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் இமிடாக்ளோபிரிட் என்கிறார், மற்றவர் பைஃபென்த்ரின் என்கிறார். எது நல்லது? இன்னொன்று, எங்கள் வீட்டுக்கு 20 அடி தள்ளிப் பழைய திறந்த கிணறு இருக்கிறது. இப்போதும் மாட்டுக்கு அந்தத் தண்ணீர்தான்.

சைட்_ஓசூர்

இமிடாக்ளோபிரிட் 30.5 எஸ்.சி. போடுங்க பாஸ். லிட்டருக்கு 2.1 மில்லி. வாடை இல்லை. குளோர்பைரிபாஸ் எல்லாம் பழசு. அமெரிக்காவில் வீட்டுக்கு அடிப்பதை எப்பவோ நிறுத்திவிட்டார்கள்.

இமிடாவைக் கரையான் மோப்பம் பிடிக்காது. அதுபாட்டுக்கு நடந்து போகும், மேலே ஒட்டிக்கொள்ளும், கூட்டத்தில் போய் மற்றதற்கும் பரப்பும், மெதுவாகச் சாகும். பைஃபென்த்ரின் விரட்டுகிற மருந்து. எங்கேயாவது ஒரு இடம் விட்டுப்போனால் அந்தச் சந்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். நம் ஆட்கள் வேலை செய்கிற லட்சணத்துக்கு இமிடாதான் சரி.

கடைக்கால் சிவா

சைட்_ஓசூர் சொன்னதில் பெரும்பகுதி சரி. விட்டுப்போன இடத்தை இமிடா ஓரளவு மன்னிக்கும். ஆனால் கிணறு 20 அடியில் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? இமிடா தண்ணீரில் கொஞ்சம் கரையும், மண்ணில் நகரும். பைஃபென்த்ரின் மண் துகளைப் பிடித்துக்கொண்டால் நகராது. கிணறு பக்கத்தில் என்றால் நான் பைஃபென்த்ரின் 2.5 இ.சி. தான் எழுதுவேன். ஒரு பங்கு மருந்துக்கு 49 பங்கு தண்ணீர், கலவையில் 0.05 சதவீதம். ஆனால் மீனுக்கு அது கடும் விஷம். கிணற்றில் மீன் இருந்தால், டப்பாவைக் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அந்தப் பக்கம் போகக்கூடாது.

குளோர்பைரிபாஸ் பழசு என்பதற்காக மட்டும் நான் தள்ளவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல இடத்தில் மண்ணில் சுக்கான் கலந்திருக்கும். சுண்ணாம்புத் தன்மை உள்ள மண்ணில் குளோர்பைரிபாஸ் சீக்கிரம் சிதையும். தவிர அதன் வாடை வீட்டுக்குள் நிற்கும்.

அளவில் இருக்கிற வித்தியாசத்தையும் பாருங்கள். அதே 1,050 லிட்டர் கலவைக்கு குளோர்பைரிபாஸ் 20 இ.சி. 52 லிட்டர் வேண்டும். பைஃபென்த்ரின் 21 லிட்டர். இமிடா ரெண்டே கால் லிட்டர்கூட வராது. ஆகவே "அஞ்சு லிட்டர் மருந்து கொண்டு வருவோம்" என்று ஒருவர் சொன்னால், எந்த மருந்து என்று தெரியாமல் அதற்கு அர்த்தமே இல்லை. இமிடா என்றால் இரண்டு வீட்டுக்குப் போதும். குளோர்பைரிபாஸ் என்றால் நூறு லிட்டர் கலவையோடு முடிந்துவிடும்.

சைட்_ஓசூர்

20 அடியில் கிணறு இருந்தாலும் மேலே ஸ்லாப் மூடிவிட்டால் மழைத்தண்ணி உள்ளே இறங்காதே? எதில் கரைந்து கிணற்றுக்குப் போகும்? நான் இன்னும் இமிடா பக்கம்தான்.

கடைக்கால் சிவா

உள்ளே இறங்காது, ஒத்துக்கொள்கிறேன். வெளிச்சுற்று 40 மீட்டர் மழையில்தானே நிற்கும்? கிணற்றுப் பக்கச் சுவரின் வெளிப்புறம் மட்டும் பைஃபென்த்ரின், மற்ற இடம் இமிடா என்று பிரித்து எழுதலாமா என்றுகூட யோசித்தேன். ஒரே வேலையில் இரண்டு மருந்து என்றால் களத்தில் குழப்பம் வரும். தம்பி, முடிவு உங்களுடையது.

ஊத்தங்கரை உழவன்

கிணற்றுத் தண்ணி மாட்டுக்குன்னா நானும் சிவா தம்பி பக்கம். மாடு செத்தா எந்த வாரண்டியும் வராது.

அரூர் செல்வி

பர்கூர் தம்பி, நன்றி. தனியாகப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், எல்லோரும் கட்டும்போதே தரைக்கு அடியில் ஓட்டை போட்ட பைப் பதித்து வைக்கிறார்களாமே, பிறகு வெளியிலிருந்தே மருந்து ஏற்றலாமாம்?

மருந்துக்காரர் பர்கூர்

ஓசூரில் சிலர் போடுகிறார்கள் அக்கா. நான் போட்டதில்லை. ஓட்டையில் கிராவல் மண் அடைத்துக்கொள்ளாமல் எத்தனை வருஷம் நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. போட்டவர் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

மாந்தோப்பு வீடு

பைஃபென்த்ரின் என்று முடிவு செய்தோம், அப்பா மாட்டை விட்டுக்கொடுக்க மாட்டார். பர்கூர் அண்ணனிடமும் தனிச்செய்தியில் விலை கேட்டிருக்கிறேன். யார் செய்தாலும் கையெழுத்து வாங்க இப்படி எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்:

"மருந்து பைஃபென்த்ரின் 2.5 இ.சி. கலவை 0.05 சதவீதம். சீல் உடைக்காத டப்பாவில் வீட்டுக்கு வர வேண்டும், எங்கள் எதிரில் கலக்க வேண்டும், காலி டப்பாக்களை எண்ணிக் காட்ட வேண்டும். இறுக்கிய கிராவலின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். உள் சுவர் ஓரமும் பில்லர் ஓரமும் வாய்க்கால் கீறி, அரை அடிக்கு ஒரு குத்துப் போட்டு, சுவர்ப் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். வெளிச்சுற்று, வெளி மண் சமன் செய்த பிறகு, இரண்டாவது முறை வந்து மீட்டருக்கு 2.25 லிட்டர். மொத்தம் 1,050 லிட்டருக்குக் குறையக்கூடாது. வாரண்டி 5 வருடம்."

கடைக்கால் சிவா

நன்றாக இருக்கிறது. நாலு இடம் தொட வேண்டும்.

முதலாவது, டாய்லெட், சமையலறை பைப்புகள் தரையைக் கடக்கிற இடம். பைப்பைச் சுற்றி அரை அடி அகலத்துக்கு, மூன்று அங்குல ஆழம் மண்ணைத் தளர்த்தி ஊற்ற வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். பைப் வேலை முடியாமல் மருந்து அடித்துவிட்டு, பிறகு பிளம்பர் வந்து தோண்டினால் அந்த இடத்தில் மருந்து இல்லை என்று அர்த்தம். மறுபடி அடிக்க வேண்டும்.

இரண்டாவது, வரிசை. கிராவலுக்குத் தண்ணீர் விட்டு இறுக்குவது எல்லாம் முன்பே முடிய வேண்டும். மண் ஈரமாக இருந்தால் கலவை இறங்காது, வழிந்து ஓடும். தண்ணீர் விட்ட பிறகு மேல் மண் உலரவிட்டு அடியுங்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் தள்ளிப் போடுங்கள். அடித்த பிறகு யாரும் மண்ணைக் கிளறாமல் உடனே பாலிதீன் ஷீட் விரித்து பி.சி.சி. போட்டுவிட வேண்டும். இறுக்கிய கிராவல் கலவையை உறிஞ்சாவிட்டால் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு, நாலா பக்கமும் அரை அடி இடைவெளியில் குத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வாரண்டி வரியில் "5 வருடம்" என்று மட்டும் இருந்தால் அதில் ஒன்றும் இல்லை. புகார் கொடுத்த எத்தனை நாளுக்குள் வருவார்கள், மறுபடி அடிப்பது இலவசமா, தரையில் டிரில் போட்ட ஓட்டைகளை யார் அடைப்பது, டைல்ஸ் உடைந்தால் யார் பொறுப்பு, இதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் விதிக்கிற நிபந்தனைகளும் அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் வரட்டும். ராதிகா அம்மா கதை உங்களுக்கு வேண்டாம்.

நாலாவது பணம். வெளிச்சுற்று அடிக்கிறவரை கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முழுப் பணமும் கொடுத்துவிட்டால் அந்த இரண்டாவது முறைக்கு யாரும் வர மாட்டார்கள். வீடு பூசி, பெயின்ட் அடித்து முடிக்கிறவரை உங்களுக்கும் நினைவு இருக்காது.

ஓசூர் ராதிகா

இன்னொன்றும் சேர்க்கவும். சென்டரிங் பலகைத் துண்டு, சவுக்குக் கம்பு, மாமர வேர், எதுவும் கிராவலுக்குள் இருக்கக் கூடாது. எங்கள் தரையை உடைத்தபோது பலகைத் துண்டு கிடைத்தது. அது மட்டும் கம்பெனி தப்பு இல்லை, எங்கள் கொத்தனார் தப்பு.

மருந்துக்காரர் பர்கூர்

தண்ணீர் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆயிரம் லிட்டர் தண்ணீர் நீங்கள்தான் தர வேண்டும் என்று எங்கள் எல்லோர் கொட்டேஷனிலும் இருக்கும். உங்கள் போர் தண்ணீர் எப்படி? நம் பக்கம் சில போரில் உப்பும் கடினமும் அதிகம். இ.சி. மருந்து அதில் சரியாகக் கலக்காது, மேலே எண்ணெய் மாதிரி பிரியும். முதல் நாள் ஒரு பக்கெட்டில் கொஞ்சம் கலந்து வைத்துப் பார்ப்போம். பால் மாதிரி சீராக நின்றால் சரி. பிரிந்தால் டிராக்டர் டேங்கர் சொல்லிவிட வேண்டும்.

மாந்தோப்பு வீடு

போர் தண்ணீரில் துணி துவைத்தால் நுரையே வராது அண்ணா. டேங்கரே சொல்லிவிடுகிறேன். டேங்கர் வண்டி பேஸ்மட்டம் வரை வர வழி இருக்கிறது, மழைக்கு முன் முடித்துவிடலாம். பைப் வேலைக்காரர் திங்கள்கிழமைதான் வருகிறார், அவர் முடித்த பிறகு தேதி சொல்கிறேன்.

சைட்_ஓசூர்

கிணற்றுப் பக்கச் சுவருக்கு வெளியே அந்த ஒரு அடி ஆழம் குத்தும்போது சிவா சார் சொன்ன மாதிரி மீனைப் பார்த்துக்கோங்க. நான் இன்னும் இமிடா பக்கம்தான்.